அணிப் பெருக்கமும் உருமாற்றமும்: ஹெப்பாள் ஏரிப் படத்தைக்கொண்டு ஒரு பாடம்

மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாள் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு தொழிற்பேட்டையும், பழைய ஏரி ஒன்றும், புதிதாகப் பட்டம் பெற்றுவரும் பொறியியல் மாணவர்களுக்குக் கணிப்பொறித் தொழிலில் பயிற்சி தரும் இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய வளாகமும் அமைந்திருக்கின்றன. கணிப்பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் கையில் இப்பகுதியின் விண்கோட் படம் ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். படம் நேராக இராது. வடக்கு மேலே இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கும். படத்தின் கீழ்ப்பகுதி மேற்பகுதியோடு பொருந்தாமல் ஒரு பக்கமாக நழுவியும் இருக்கும். இவ்விரு குறைகளையும் நீக்க இரண்டு அணிகள் வேண்டும். அவற்றைப் பெருக்கும்போது எதை முன்னே எழுதுவது, எதைப் பின்னே எழுதுவது என்பதில் தவறு நேர்ந்தால், ஏரி தன் இடத்தைவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

அணிகளைக் கூட்டுவது எளிது. ஒத்த இடத்திலுள்ள உறுப்புகளைக் கூட்டினால் போதும். பெருக்குவது மட்டும் ஏன் நிரையை நிரலோடு சேர்த்துப் பெருக்கிக் கூட்டும் சுற்றுவழியாக இருக்கிறது என்னும் ஐயம் மாணவர் பலருக்கும் எழுவதுண்டு. அவ்விதி எங்கிருந்து வந்தது என்பதைச் சிறு கைக்கணக்குகளால் முதலில் கண்டு, பின்னர் ஹெப்பாள் ஏரிக்குத் திரும்பலாம்.

நான்கு புள்ளிகளில் ஓர் எழுத்து

கட்டத்தாளில் ‘ட’ என்னும் எழுத்தை நான்கு புள்ளிகளால் வரைக. நிற்கும் கோட்டுக்கு (0,2), (0,1), (0,0) என்னும் மூன்று புள்ளிகள். கிடக்கும் கோட்டின் முனைக்கு (1,0) என்னும் ஒரு புள்ளி. ஒவ்வொரு இணையிலும் முதல் எண் வலப்புறத் தொலைவையும், இரண்டாம் எண் மேற்புறத் தொலைவையும் குறிக்கும். நின்ற கோடு நீளமாயும் கிடந்த கோடு குட்டையாயும் இருப்பதால், இவ்வெழுத்தை எப்படித் திருப்பினாலும் எந்தப் பக்கம் எங்கே போயிற்று என்பதை அடையாளம் காணலாம். வட்டத்தையோ சதுரத்தையோ எடுத்துக்கொண்டால் அது இயலாது. உருமாற்ற நிரல் எழுதுவோர் முதற் சோதனைக்கு இத்தகைய சமச்சீரற்ற உருவத்தையே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வெழுத்தை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பவேண்டும் என்க. (1,0) என்னும் புள்ளி (0,1) என்னும் இடத்துக்குச் செல்லும். (0,1) என்னும் புள்ளி (-1,0) என்னும் இடத்துக்குச் செல்லும். இந்த இரண்டு செய்திகளே போதும். ஏனெனில் தாளிலுள்ள எந்தப் புள்ளியும் முதற் புள்ளியில் சில பங்கும் இரண்டாம் புள்ளியில் சில பங்கும் சேர்ந்ததே. இவ்விரு விடைகளையும் இரண்டு நிரல்களாக அடுத்தடுத்து நிறுத்தினால் கிடைப்பதே சுழற்சியின் அணி:

```
A = [ 0  -1 ]
    [ 1   0 ]
```

ஆகவே, ஓர் அணியைப் பார்த்தவுடன் அதன் நிரல்களை நோக்கவேண்டும். முதல் நிரல், வலப்புற அலகுப் புள்ளி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். இரண்டாம் நிரல், மேற்புற அலகுப் புள்ளி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். எழுத்தின் உச்சியாகிய (0,2), இரண்டாம் நிரலை இருமடங்காக்கிய (-2,0) ஆகும். நின்ற கோடு இடப்புறமாகப் படுத்துவிட்டது. குட்டைக் கோடு மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டது.

இன்னொரு மாற்றம் கண்ணாடியில் காண்பது போன்றது. நிற்கும் அச்சின் மேல் கண்ணாடி வைத்தால் வலம் இடமாகும், மேல் கீழாகாது. அதன் அணி இது:

```
B = [ -1  0 ]
    [  0  1 ]
```

ஒன்றன்பின் ஒன்றாக இரு மாற்றங்கள்

இப்போது எழுத்தை முதலில் கண்ணாடியில் காட்டி, பிறகு கால் சுற்றுத் திருப்புக. இரு செயல்களையும் சேர்த்து ஒரே அணியால் சொல்ல முடியுமா? முடியும். புதிய அணியின் முதல் நிரலை அறிய, (1,0) இறுதியில் எங்கே சேர்கிறது என்று பார்த்தால் போதும். கண்ணாடி அதனை (-1,0) ஆக்குகிறது. சுழற்சி அதனை (0,-1) ஆக்குகிறது. அடுத்து (0,1) என்னும் புள்ளியைக் கண்ணாடி அசைப்பதில்லை. சுழற்சி அதனை (-1,0) ஆக்குகிறது. எனவே,

```
AB = [  0  -1 ]
     [ -1   0 ]
```

முதலில் நடக்கும் செயலாகிய B வலப்புறம் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க. புள்ளியின் நிரல் அணியின் வலப்பக்கத்தில் நிற்பதால், அதற்கு அருகிலுள்ள அணியே முதலில் அதன்மேல் செயற்படுகிறது. சட்டையை முதலில் அணிந்து அதன்மேல் மேற்சட்டை அணிபவருக்கு, உடலை ஒட்டி இருப்பது சட்டையே, அதுபோன்றதே இது. படிக்கும்போது இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். செயலோ வலமிருந்து இடமாக நடக்கிறது. மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே.

இதே செயலைப் பொது எண்களால் எழுதினால், பெருக்கல் விதி தானாகவே வெளிப்படும். B என்னும் அணியின் நிரைகள் p, q என்றும் r, s என்றும் இருக்கட்டும். அது (x, y) என்னும் புள்ளியை (px + qy, rx + sy) என்னும் புள்ளியாக்கும். A என்னும் அணியின் முதல் நிரை a, b ஆனால், அடுத்த மாற்றத்தில் கிடைக்கும் முதல் எண் இது:

```
a(px + qy) + b(rx + sy) = (ap + br)x + (aq + bs)y
```

x என்பதன் பெருக்கெண் ap + br. இது A-யின் முதல் நிரையை B-யின் முதல் நிரலோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டியதே அன்றி வேறன்று. நிரையை நிரலோடு பெருக்கும் விதியை எவரும் விருப்பம்போல் வகுத்துவிடவில்லை. ஒரு மாற்றத்தின் விடையை மற்றொரு மாற்றத்தினுள் இட்டதன் விளைவே அது. ஆங்கிலக் கணித அறிஞர் ஆர்தர் கெய்லி 1858-இல் வெளியிட்ட அணிகளைப் பற்றிய கட்டுரையிலும், இரண்டு மாற்றங்களை இணைப்பதாகவே பெருக்கத்தைக் கொண்டார்.

செயல்களின் முறையை மாற்றி, முதலில் சுழற்றிப் பிறகு கண்ணாடியில் காட்டினால் என்னவாகும்? (1,0) சுழன்று (0,1) ஆகும். கண்ணாடி அதனை மாற்றாது. (0,1) சுழன்று (-1,0) ஆகும். கண்ணாடி அதனை (1,0) ஆக்கும். எனவே,

```
BA = [ 0  1 ]
     [ 1  0 ]
```

AB என்னும் மாற்றத்தில் எழுத்தின் நீளக் கோடு இடப்புறம் படுத்து, குட்டைக் கோடு கீழே தொங்குகிறது. BA என்னும் மாற்றத்தில் நீளக் கோடு வலப்புறம் படுத்து, குட்டைக் கோடு மேலே நிமிர்கிறது. ஒன்றை அரைச் சுற்றுத் திருப்பினால்தான் மற்றொன்று கிடைக்கும். எண்களின் பெருக்கத்தில் முறை மாறினாலும் விடை மாறாது. அணிகளின் பெருக்கத்தில் மாறும் என்பதற்குக் கண்ணெதிரே நிற்கும் சான்று இது.

உறுப்புக்கு உறுப்பு பெருக்கினால் என்ன?

கூட்டலைப் போலவே பெருக்கலையும் ஒத்த இடத்து உறுப்புகளால் செய்துவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று ஒரு மாணவர் வினவலாம். மேற்கண்ட A, B இரண்டையும் அவ்வாறு பெருக்கிப் பார்க்க. 0 × (-1), (-1) × 0, 1 × 0, 0 × 1 ஆகிய நான்கும் சுழியங்களே. விடை முழுவதும் சுழியமான அணி. அவ்வணி எந்தப் புள்ளியையும் (0,0) என்னும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். எழுத்து முழுவதும் ஒரு புள்ளியாக மறைந்துபோகும். கண்ணாடியில் பார்ப்பதும் திருப்புவதும் எதனையும் அழிக்காத செயல்கள். அவற்றின் சேர்க்கை உருவத்தை அழிக்க இயலாது. ஆகையால் அப்பெருக்கம் மாற்றங்களின் சேர்க்கை அன்று என்பது தெளிவு.

இது வெறும் ஏட்டளவில் நின்றுவிடும் செய்தி அன்று. பைத்தான் மொழியின் எண் நூலகத்தில் இரு பெருக்கங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. ஒரு குறிக்குப் பதில் மற்றொன்றை இட்டால் கணிப்பொறி பிழை என்று அறிவிப்பதில்லை. அமைதியாக வேறு விடையைத் தந்துவிடும்.

```
import numpy as np
A = np.array([[0, -1], [1, 0]])
B = np.array([[-1, 0], [0, 1]])
print(A * B)    # [[0 0] [0 0]]
print(A @ B)    # [[0 -1] [-1 0]]
```

உடுக்குறி உறுப்புக்கு உறுப்பு பெருக்குவது. `@` என்பதே அணிப் பெருக்கம். இரண்டு அணிகளும் ஒரே அளவுடைய சதுர அணிகளாயின் இரண்டு குறிகளும் தடையின்றி இயங்கும் என்பதாலேயே இப்பிழை மறைந்துகிடக்கிறது. நிரல் எழுதி முடித்ததும் ‘ட’ போன்ற ஓர் எழுத்தை அனுப்பி, அதன் இரு கோடுகளும் எதிர்பார்த்த பக்கம் நிற்கின்றனவா என்று பார்த்தால் பிழை அப்போதே வெளிப்பட்டுவிடும்.

திரையின் நடுவே சுழற்றுதல்

கட்டத்தாளுக்கும் திரைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தாளில் இரண்டாம் எண் மேல்நோக்கி வளர்கிறது. கணிப்பொறி சேமிக்கும் படத்திலோ வரிகள் மேலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படுகின்றன. எனவே A என்னும் அதே அணி, தாளில் இடஞ்சுழியாகவும் திரையில் வலஞ்சுழியாகவும் திருப்பும். கணக்கு சரியாயிருந்தும் படம் எதிர்ப்பக்கம் திரும்பிற்றென்றால், முதலில் ஐயுறவேண்டியது இதனையே.

இன்னொரு வேற்றுமை, படத்தின் மூலைதான் (0,0) ஆகிறது என்பது. படத்தை அதன் நடுவைச் சுற்றித் திருப்பவே மக்கள் விரும்புவர். ஐந்து வரிகளும் ஐந்து நிரல்களும் கொண்ட சிறு படத்தில் நடுப்புள்ளி (2,2). அதனை மூலைக்கு நகர்த்தி, திருப்பி, மீண்டும் பழைய இடத்துக்கு நகர்த்தவேண்டும். நகர்த்துவது கூட்டல், இரண்டுக்கு இரண்டு அணியால் அதனைச் செய்ய இயலாது. ஏனெனில் எந்த அணியும் (0,0) என்னும் புள்ளியை அசைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றாம் எண்ணாக 1 என்பதைச் சேர்த்து, மூன்றுக்கு மூன்று அணி கொள்வது வழக்கம். நகர்த்த வேண்டிய தொலைவுகள் மூன்றாம் நிரலில் அமரும். 1 என்பதோடு பெருகி அவை அப்படியே கூடிவிடும்.

மூன்று செயல்களையும் ஒரு பொதுப் புள்ளியைக்கொண்டு தொடர்ந்து செல்க. (x, y) முதலில் (x-2, y-2) ஆகும். சுழற்சி அதனை (2-y, x-2) ஆக்கும். இரண்டிரண்டு கூட்டினால் (4-y, x). ஆக, மூன்று அணிகளின் பெருக்கம்:

```
[ 0  -1   4 ]
[ 1   0   0 ]
[ 0   0   1 ]
```

சரிபார்ப்பது எளிது. நடுப்புள்ளியாகிய (2,2) தன் இடத்திலேயே நிற்கிறது. (0,0) என்னும் மூலை (4,0) என்னும் மூலைக்குச் செல்கிறது. நடுப்புள்ளி அசைந்தால் அணிகளின் முறை பிறழ்ந்துவிட்டது என்று கொள்க.

நகர்த்தலை மறந்து A-யை மட்டும் இட்டால் நிரல் எண் -y ஆகிவிடும். படத்துக்கு வெளியே போன எண்ணைக் கணிப்பொறி மறுக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பைத்தானில் -1 என்னும் எண் கடைசி நிரலையும், -2 என்பது அதற்கு முந்தியதையும் குறிக்கும். ஆகையால் ஐந்து நிரல் படத்தில் 0, 1, 2, 3, 4 என்னும் வரிகள் முறையே 0, 4, 3, 2, 1 என்னும் நிரல்களில் சென்று விழும். விழவேண்டிய இடங்களோ 4, 3, 2, 1, 0. படம் திரும்பியதுபோலவே தோன்றும். ஆனால் ஒரு நிரல் தள்ளி, ஓர் ஓரம் மறு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய படத்தில் இதனைக் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது; ஐந்து நிரல் படத்தில் உடனே தெரியும்.

எட்டிலொரு சுற்றும் நான்கு ஓட்டைகளும்

கால் சுற்றில் புள்ளிகள் எல்லாம் முழு எண்களிலேயே விழுந்தன. 45 பாகைத் திருப்பத்தில் அவ்வாறு விழா. அதன் அணியின் உறுப்புகள் ஏறத்தாழ 0.707, அதாவது இரண்டின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்த எண்:

```
D = [ 0.707  -0.707 ]
    [ 0.707   0.707 ]
```

நடுவை (0,0) எனக் கொண்ட 25 புள்ளிப் படத்தை இதனால் திருப்பி, கிடைத்த எண்களை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துக. (1,0) என்பது (0.707, 0.707) ஆகி, (1,1) என்று திருந்தும். (2,0) என்பது (1.414, 1.414) ஆகி, அதுவும் (1,1) என்றே திருந்தும். இரு புள்ளிகள் ஓரிடத்தில் மோதிக்கொண்டன. இவ்வாறே மற்ற மூன்று திசைகளிலும் ஒவ்வொரு மோதல் நிகழும். 25 புள்ளிகளையும் கணக்கிட்டால் 21 இடங்களே நிரம்பியிருக்கும். (0,2), (2,0), (0,-2), (-2,0) ஆகிய நான்கு இடங்கள் படத்தினுள்ளேயே வெறுமையாக நிற்கும். திருப்பிய படத்தில் கரும்புள்ளிகள் ஒழுங்கான கோலமாகச் சிதறிக் காணப்படுவதன் காரணம் இதுவே.

இதற்கு மருந்து, எதிர்த் திசையில் செல்வது. புதிய படத்தின் ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, அது பழைய படத்தில் எங்கிருந்து வந்திருக்கவேண்டும் என்று நேர்மாறு அணியால் கேட்கவேண்டும். சுழற்சியின் நேர்மாறு, நிரைகளை நிரல்களாக மாற்றியெழுதிய அணியே ஆகும். (0,2) என்னும் வெற்றிடத்தை அவ்வாறு வினவினால் (1.414, 1.414) என்னும் விடை வரும், அருகிலுள்ள புள்ளி (1,1). அதன் நிறத்தை அங்கே இட்டால் ஓட்டை அடைபடும். ஒவ்வொரு இடத்துக்கும் தவறாமல் ஒரு விடை உண்டாகையால் ஓட்டைக்கே இடமில்லை. ஆயினும் இழப்பு முற்றும் நீங்கிவிடவில்லை. (0,1) என்னும் இடமும் (1,1) என்னும் அதே புள்ளியையே கேட்கும். (2,0) என்னும் பழைய புள்ளியை எவரும் கேட்பதில்லை. அருகிலுள்ள நான்கு புள்ளிகளின் நிறங்களைத் தொலைவுக்கேற்பக் கலந்து இட்டால் இவ்விழப்பு மெல்லிய மங்கலாகப் பரவும், அறவே அகலாது.

இங்கேதான் பெருக்கத்தின் பயன் விளங்குகிறது. 45 பாகையாக இருமுறை திருப்பினால் கால் சுற்று ஆகவேண்டும். படத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி, திருத்தி, மீண்டும் திருப்பினால், (2,0) முதலில் (1,1) ஆகி, அடுத்த முறை (0, 1.414) ஆகி, (0,1) என்று முடியும். சேரவேண்டிய இடமோ (0,2). அணிகளை முதலில் பெருக்கினால், முதல் உறுப்பு 1/2 - 1/2 = 0, அதன் வலத்தில் -1/2 - 1/2 = -1, கீழே 1, அதன் வலத்தில் 0; அதாவது D-யை D-யால் பெருக்கக் கிடைப்பது A என்னும் அணியே. அதனால் ஒரே முறை திருப்பினால் ஒரு புள்ளியும் இழக்கப்படாது.

வேலையும் குறைகிறது. ஆயிரம் வரியும் ஆயிரம் நிரலும் உள்ள படத்தில் பத்து இலட்சம் புள்ளிகள். இரண்டுக்கு இரண்டு அணி ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பெருக்கல்கள் கேட்கும். மூன்று மாற்றங்களைத் தனித்தனியே செய்தால் 120 இலட்சம் பெருக்கல்கள். மூன்று அணிகளை முதலில் ஒன்றாக்க இருமுறை பெருக்கவேண்டும். அதற்கு 16 பெருக்கல்களே செல்லும். பின்னர் படத்துக்கு 40 இலட்சம் போதும். எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றே என்பதால் இவ்வாறு செய்வது தகும். இணைக்கும் முறையை மாற்றலாம். நிற்கும் வரிசையை மாற்றலாகாது.

ஏரி இருக்கும் இடம்

இந்தியாவின் முதல் செயற்பாட்டுத் தொலையுணர்வு விண்கோளாகிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டது. அது 904 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 103 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றிவந்து, தன் முதற் படக்கருவியால் 72.5 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் வரிவரியாகப் படம் பிடித்தது. அத்தகைய விண்கோள் ஒன்று பகலில் மைசூரைக் கடக்கும்போது நேர் தெற்கே செல்வதில்லை. ஏறத்தாழ 9 பாகை மேற்காகச் சாய்ந்து செல்லும். படத்தைத் திருத்த வேண்டிய முதற் காரணம் இது. இரண்டாவது காரணம் புவியின் சுழற்சி. நூறு கிலோமீட்டர் நிலத்தைப் படம்பிடிக்க விண்கோளுக்குச் சுமார் 15 விநாடி ஆகிறது. அதற்குள் மைசூர் இருக்கும் அட்சரேகையில் நிலம் சுமார் 7 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்துவிடும். எனவே கீழ்வரிகளில் காணும் நிலம், உண்மையில் மேற்கே தள்ளியிருப்பதாகும்.

கிழக்கையும் வடக்கையும் அச்சுகளாகக் கொண்டால், வலஞ்சுழியாக 9 பாகை திருப்பும் அணி R என்றும், நூற்றுக்கு ஏழு வீதம் பக்கவாட்டில் சாய்க்கும் அணி K என்றும் இருக்கட்டும்:

```
R = [  0.988  0.156 ]      K = [ 1  0.07 ]
    [ -0.156  0.988 ]          [ 0  1    ]
```

படத்தின் நடுக்கோட்டில், தொடக்க வரியிலிருந்து நூறு கிலோமீட்டர் கீழே ஹெப்பாள் ஏரி தென்படுவதாகக் கொள்க. அதன் புள்ளி (0,-100). நிலத்தின் நகர்ச்சி உண்மையான கிழக்கு மேற்குத் திசையில் நிகழ்வது. படத்தைத் திருப்பிய பின்னரே அத்திசை படத்தின் குறுக்கு அச்சோடு பொருந்தும். ஆகையால் முதலில் திருப்பி, பின்னர் சாய்க்கவேண்டும். KR என்று எழுதவேண்டும். நிரையை நிரலோடு பெருக்கினால்,

```
KR = [  0.977  0.225 ]      RK = [  0.988  0.225 ]
     [ -0.156  0.988 ]           [ -0.156  0.977 ]
```

KR-இன்படி ஏரி, தொடக்கப் புள்ளியிலிருந்து 22.5 கிலோமீட்டர் மேற்கிலும் 98.8 கிலோமீட்டர் தெற்கிலும் இருக்கிறது. முறை பிறழ்ந்த RK-யின்படி மேற்குத் தொலைவு மாறவில்லை. தெற்குத் தொலைவு மட்டும் 97.7 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. வேறுபாடு 1.1 கிலோமீட்டர். படத்தில் அது பதினைந்து புள்ளிகள். ஏரி தன் கரையைத் தாண்டி வடக்கே வரையப்பட்டுவிடும். மேற்குத் தொலைவை மட்டும் சரிபார்த்து மனநிறைவு கொள்பவர் இப்பிழையைக் காணமாட்டார் என்பதும் நோக்கத்தக்கது.

இக்கணக்குக்கு எல்லையும் உண்டு. சாய்வு வரியின் எண்ணைப் பொறுத்ததாகையால், நடுக்கோட்டைவிட்டு விலகிய புள்ளிகளுக்கு மற்றுமொரு சிறு திருத்தம் வேண்டும். விண்கோளின் அசைவுகளும் மலைகளின் உயரமும் எந்த ஓர் அணியாலும் திருந்துவன அல்ல. அவற்றுக்காகப் படத்தில் தெளிவாகத் தெரியும் சாலைச் சந்திப்புகளையும் ஏரிக்கரை முனைகளையும் நிலப்படத்திலுள்ள அதே இடங்களோடு ஒப்பிட்டு, எஞ்சிய பிழையை அளப்பர். அந்த எஞ்சிய பிழை ஒரே திசையில், தொலைவு கூடக்கூட வளர்ந்துகொண்டே போனால், அணிகளை எழுதிய வரிசையை மீண்டும் பார்க்கவேண்டும் என்பது அதன் பொருள்; அங்குமிங்குமாகச் சிதறியிருந்தால், காரணம் வேறிடத்தில் உள்ளது.

பயிற்சிக்காக மாணவர் (50,-100) என்னும் புள்ளியை எடுத்துக்கொண்டு, KR, RK இரண்டாலும் தனித்தனியே மாற்றிப் பார்க்கலாம். முதலாவது (26.35, -106.6) என்றும், இரண்டாவது (26.9, -105.5) என்றும் விடை தரும். இம்முறை மேற்கு கிழக்குத் தொலைவும் வேறுபட்டுவிட்டது. அவ்வேறுபாடு எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதை இரு அணிகளின் முதல் நிரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.